முழங்கால் எவ்வளவு மடங்குகிறது: அலைபேசிக் காணொளியில் கோணம் அளப்பதும் அதன் பிழையைக் கணக்கிடுவதும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைக் கோவையிலோ ஈரோட்டிலோ முடித்துக்கொண்டு கோபிசெட்டிபாளையம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்புகிறவர்களால் வாரந்தோறும் பேருந்தேறி பிசியோதெரபிக்கு வர முடிவதில்லை. வீட்டில் எடுத்த காணொளியை அனுப்பி, "போன வாரத்தை விட நல்லா மடங்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், காணொளியிலிருந்து கோணத்தை எடுப்பதோடு, அந்தக் கோணத்தில் எத்தனை பாகை பிழை இருக்கக்கூடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படுத்த நிலையில் குதிகாலை இழுத்து முழங்காலை மடக்கும் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அளக்கும் முறையை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் படம் பிடிப்பவருக்கும், படத்தைப் பெற்று அளக்கும் இளம் பிசியோதெரபிஸ்டுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கட்டுரை முழுவதும், கால் நேராக நீட்டியிருப்பது 0°. தொடைக்கும் கெண்டைக்கால் பகுதிக்கும் இடையே படத்தில் தெரியும் உட்கோணத்தை 180-இலிருந்து கழித்தால் மடக்குக் கோணம் கிடைக்கும். உட்கோணம் 60° என்றால் மடக்கம் 120°. சிலர் உட்கோணத்தையே எழுதி அனுப்பிவிடுவதால், எதை எழுதுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாதாரண அலைபேசி, அதைச் செங்குத்தாக நிறுத்த ஏதேனும் ஒரு தாங்கி, முக்காலி, அளவு நாடா, சாக்பீஸ், நூல், பெரிய வட்ட ஒட்டுப்பொட்டு, வெள்ளை பிளாஸ்திரி, கெட்டியான அட்டை ஆகியவை போதும். அட்டையை ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணமாக வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பயன் மூன்றாம் படியில் வரும்.

தையல் பிரித்து, மடக்கும் பயிற்சிக்கு அறுவை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ அனுமதி கொடுத்த பிறகே இந்த அளவீட்டைத் தொடங்க வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும், காய்ச்சல், தழும்பில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு இருந்தால் அன்று படம் பிடிக்கக் கூடாது. அது உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

அளக்கும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் மூட்டு இளகிச் சில பாகை அதிகம் மடங்கும். ஒரு வாரம் பயிற்சிக்கு முன்பும் அடுத்த வாரம் பயிற்சிக்குப் பின்பும் அளந்தால், வராத முன்னேற்றம் வந்ததுபோல் தெரியும். காலையில் பயிற்சிக்கு முன் என்று வைத்துக்கொண்டால் எந்த வீட்டிலும் கடைப்பிடிக்க முடியும்.

## 2. கட்டிலையும் போனையும் நிறுத்துதல்

கயிற்றுக் கட்டிலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இடுப்பு குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு முறையும் வேறு அளவுக்குச் சாய்கிறது. பலகைக் கட்டில் அல்லது அகலமான பெஞ்சின் மேல் மெல்லிய விரிப்புப் போதும். அறுவை செய்த கால் வெளிப்பக்கமாக, அதாவது போனை நோக்கி இருக்க வேண்டும். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்து, அந்தக் கால் சுவர்ப் பக்கம் வருமானால், தலைமாட்டை மாற்றிப் படுக்க வைப்பதே வழி. குறுக்கே கிடக்கும் நல்ல காலுக்கு மேலாக எட்டிப் படம் பிடித்தால் குறிகள் மறைந்துவிடும்.

போன் காலுக்கு நேர் செங்குத்தாகப் பார்க்க வேண்டும். கண்மதிப்பில் வைத்தால் இது பெரும்பாலும் தவறுகிறது. அதனால் கொத்தனார் மூலைமட்டம் பிடிக்கும் கணக்கையே இங்கும் பயன்படுத்துகிறோம். மடங்கிய முழங்கால் எந்த இடத்தில் நிற்குமோ, அதற்கு நேர் கீழே கட்டிலின் ஓரத்தையொட்டித் தரையில் ஒரு சாக்பீஸ் புள்ளி வையுங்கள். அங்கிருந்து கட்டில் ஓரமாகவே 3 அடி தள்ளி இன்னொரு புள்ளி. முதல் புள்ளியிலிருந்து அறைக்குள் 4 அடி நூல் பிடித்து, அதன் முனைக்கும் இரண்டாம் புள்ளிக்கும் இடையே சரியாக 5 அடி வரும்படி நூலை நகர்த்தினால், அந்த நூல் கட்டிலுக்குச் செங்குத்து. அதே கோட்டை 8 அடி வரை நீட்டி, அங்கே முக்காலியை வைக்க வேண்டும். அந்த இடத்தில் தரையில் நிலையான அடையாளம் இருந்தால் அடுத்த வாரம் இந்த வேலை மிச்சம்.

எட்டு அடி ஏன் என்றால், போன் கிட்டே இருக்கும்போது அருகிலுள்ள குறி பெரிதாகவும் தள்ளியுள்ள குறி சிறிதாகவும் விழுந்து, காலின் வடிவம் திரிகிறது. இடுப்பும் கணுக்காலும் போனிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில்லை என்பதால் இது தவிர்க்க முடியாதது. தள்ளிப் போகப் போகக் குறையும். அறை சிறியது என்று 0.5x அகல லென்ஸுக்கு மாற்றுவது இன்னும் மோசம். ஓரங்களை வளைக்கும் அந்த லென்ஸை விட்டு, 1x-இலேயே எடுங்கள். இடம் போதாவிட்டால் கட்டிலைத் திண்ணைக்கோ கூடத்துக்கோ கொண்டுபோகலாம்.

லென்ஸின் உயரம், மடங்கிய முழங்காலுக்கும் விரிப்புக்கும் நடுவில் இருக்கட்டும். போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைக்காதீர்கள். சாய்ந்த போன் கூரையைப் பார்க்கிறது. கால் படத்தின் கீழ் ஓரத்துக்குப் போய் இழுபட்டுத் தெரிகிறது. கால் முழுவதும் படத்தின் நடுப்பகுதியில் அடங்க வேண்டும்.

## 3. அட்டை முக்கோணத்தால் கோணத்தைச் சோதித்தல்

இந்தப் படியைத்தான் அநேகமாக எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் போன் கோணலாக இருக்கிறதா என்பதைப் படம் அனுப்பிய பிறகும் கண்டுபிடிக்க வேறு எளிய வழி இல்லை.

நோயாளி படுத்த பிறகு, அட்டை முக்கோணத்தின் அடிப்பக்கத்தைக் கிடைமட்டமாகவும் முனையை மேலாகவும் பிடித்து, அளக்கப்போகும் காலின் தளத்திலேயே, முழங்காலை ஒட்டி இரண்டு வினாடி காட்டுங்கள். அட்டையின் மூன்று கோணமும் 60° என்பது நமக்குத் தெரியும். படத்தில் அளக்கும்போது மூன்றும் 59° முதல் 61°-க்குள் வந்தால், போன் செங்குத்திலிருந்து சுமார் 10°-க்கு மேல் விலகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேல்முனைக் கோணம் 57° என்று வந்தால், போன் பாதத்தின் பக்கமோ தலைப்பக்கமோ சுமார் 20° ஒதுங்கி நிற்கிறது. பக்கவாட்டில் ஒதுங்கிப் பார்க்கும்போது கிடைமட்ட நீளங்கள் சுருங்குகின்றன, செங்குத்து நீளங்கள் அப்படியே இருக்கின்றன. அதனால் முனை கூர்மையாகிறது. மாறாக 63° என்று வந்தால், போன் அதே 20° அளவுக்கு மேலிருந்து பார்க்கிறது. செங்குத்து நீளம் சுருங்கி முனை விரிந்துவிட்டது. கட்டிலருகே நின்றுகொண்டு கையில் பிடித்து எடுத்த படங்களில் 30° சாய்வு சாதாரணம். அப்போது 60° முனை ஏறக்குறைய 67° ஆகத் தெரியும். மேல்முனை சரியாக இருந்து அடிக்கோணங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், இரண்டு தவறும் சேர்ந்து வந்திருக்கின்றன என்று பொருள்.

இதே பிழை முழங்காலிலும் அப்படியே விழும். 120° மடங்கிய காலின் உட்கோணம் 60°. குதிகாலை இழுத்து மடக்கும்போது அது அட்டை முக்கோணத்தைப் போலவேதான் நிற்கிறது. ஆகவே பக்கவாட்டில் 20° ஒதுங்கிய போன் அதை 123° என்று மிகைப்படுத்தும். மேலிருந்து 30° சாய்த்துப் பிடித்த போன் 113° என்று குறைத்துக் காட்டும். ஒரு வாரம் பேரன் நின்றபடி எடுத்து, மறுவாரம் மருமகள் முக்காலியில் வைத்து எடுத்தால், கால் சிறிதும் மாறாமலேயே 7° கூடியதாகத் தெரியும்.

அட்டை தவறு காட்டினால், கணக்குப் போட்டுத் திருத்த முயலாமல் போனை நகர்த்தி மறுபடி சோதியுங்கள். திருத்தும் கணக்கு, கால் அட்டையின் தளத்திலேயே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போடுவது. கால் அப்படி இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.

## 4. மூன்று பொட்டுகளை வைத்தல்

மூட்டுக் கோணம் அளக்கும் கருவியான கோனியோமீட்டரில் அளப்பவர்கள் பயன்படுத்தும் அதே மூன்று எலும்புப் புள்ளிகள்தான் இங்கும். முதலாவது, இடுப்பின் பக்கவாட்டில் தொடையெலும்பின் மேல்முனை புடைத்து நிற்கும் இடம்; உள்ளங்கையை அங்கே அழுத்தி வைத்துக் காலை உள்ளும் வெளியும் மெல்ல உருட்டினால், கைக்கடியில் ஒரு மேடு நகர்வது தெரியும். இரண்டாவது, முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேடு. மூன்றாவது, வெளிக் கணுக்காலின் புடைப்பு. முதலில் சிறு சதுரமாக வெள்ளை பிளாஸ்திரி, அதன் நடுவில் அடர் நிறப் பொட்டு என்று ஒட்டினால் படத்தில் தெளிவாகத் தெரியும்.

வரிசை இங்கே முக்கியம். முழங்கால் பொட்டை, கால் நீட்டியிருக்கும்போது வைக்காதீர்கள். மடங்கும்போது தோல் எலும்பின் மேல் வழுக்கிப் போகிறது. நீட்டிய நிலையில் சரியாக வைத்த பொட்டு, மடங்கிய நிலையில் எலும்பு மேட்டை விட்டு விலகி நிற்கும். இடுப்பும் கணுக்காலும் முடிந்த பிறகு, நோயாளி வலியில்லாத அளவுக்கு மடக்கி வைத்திருக்கும்போது, எலும்பைத் தொட்டுத் தேடி முழங்கால் பொட்டை ஒட்ட வேண்டும்.

இடுப்புக் குறிக்குச் சேலையும் வேட்டியும் தடையாக இருக்கும். துணியை முழுக்க விலக்கத் தேவையில்லை. மெல்லிய பாவாடையோ அரைக்கால் சட்டையோ உடலோடு ஒட்டியிருக்க, மேல் ஒரு எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி, மேட்டைத் தொட்டுப் பார்த்துத் துணியின் மீதே பொட்டு வைக்கலாம். மடக்கும்போது துணி இழுபடாமல் இருக்கிறதா என்று ஒரு முறை மடக்கிப் பாருங்கள். முகம் படத்துக்குள் வர வேண்டிய தேவை இல்லை. வயிற்றிலிருந்து பாதம் வரை வந்தால் போதும்.

பொட்டு தவறினால் எவ்வளவு பிழை என்பது எளிய கணக்கு. இடுப்புக் குறியிலிருந்து முழங்கால் வரை 40 செ.மீ. என்றால், இடுப்புப் பொட்டு 1 செ.மீ. தள்ளிப் போனதற்குச் சுமார் 1.4° பிழை. முழங்கால் பொட்டு இரண்டு கோடுகளுக்கும் பொதுவானது என்பதால் அதன் தவறு இரண்டிலும் விழுகிறது: மடங்கிய நிலையில் 1 செ.மீ.க்குச் சுமார் 2°, நேராக நீட்டிய நிலையில் 3° வரை. வீங்கிய முழங்காலில் 1 செ.மீ. தவறுவது மிக எளிது. ஆகையால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு பொட்டுக்குக் கொடுங்கள்.

## 5. படம் பிடித்தல்

குதிகாலுக்கு அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தாளோ, காலில் சாக்ஸோ இருக்கட்டும். இல்லையென்றால் விரிப்பின் உராய்வுதான் மூட்டை நிறுத்தும். அது மூட்டின் எல்லை ஆகாது. நல்ல கால் நேராகக் கிடக்கட்டும். எண்ணிக்கையில் சேராமல் இரண்டு முறை மடக்கி நீட்டிய பிறகு பதிவைத் தொடங்கி, மூன்று முறை எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும், போக முடிந்த இடத்தில் மூன்று வினாடி அசையாமல் நிறுத்தச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் காலில் பொட்டு கோடாக இழுபட்டுத் தெரியும். நிறுத்திய காலில் எந்தச் சட்டகத்தை எடுத்தாலும் ஒன்றுதான். துண்டைப் பிடித்துக் கைகளால் இழுத்து மடக்கினால் தானாக மடக்குவதை விட அதிகம் வரும். இரண்டில் எது என்பதைத் தொடக்கத்தில் தீர்மானித்து, வாரத்துக்கு வாரம் மாற்றாமல் எழுதி வையுங்கள்.

மடக்கும்போது முழங்கால் வெளியே சரிவதைப் பாதத்தின் பக்கம் நின்று ஒருவர் கவனிக்க வேண்டும். வலி வரும் இடத்தில் தொடையை வெளிப்புறம் விழவிடுவது பலரும் தங்களை அறியாமலே செய்வது. அட்டை சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் அங்கே போன் சரியாகத்தான் இருக்கிறது, கால்தான் தளத்தை விட்டுப் போகிறது. 25° வெளியே சரிந்த கால், 120° மடக்கத்தை ஏறக்குறைய 115° ஆகக் காட்டும்.

## 6. கோணத்தை அளத்தல்

நிறுத்திய மூன்று வினாடியின் நடுவில் காணொளியை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் தரத்தைக் குறைத்து அனுப்பினாலும் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் குறைவதால் கோணம் மாறாது. படத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பொருத்தும் எடிட்டிங் செயலிகளில்தான் ஆபத்து.

கணினி இல்லாதவர், திரையைப் பெரிதாக்கி, ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியை முழங்கால் பொட்டின் நடுவில் வைத்தே படிக்கலாம். 1° துல்லியம் கிடைக்கும். இந்த வேலைக்கு அது போதுமானது. கணினி இருந்தால் இலவசமான ImageJ நல்லது. படத்தைத் திறந்து, Angle கருவியை எடுத்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்ற வரிசையில் மூன்று முறை கிளிக் செய்து, Analyze > Measure கொடுத்தால் உட்கோணம் வரும். 180-இலிருந்து கழிக்க மறக்க வேண்டாம்.

புள்ளிகளின் இடத்தைப் பிக்சலில் குறித்துக்கொண்டால், கோணத்தோடு நீளங்களையும் சரிபார்க்க முடியும் என்பதால் நான் இந்தச் சிறு நிரலையே விரும்புகிறேன்:

```python
import math

def knee(h, k, a):
    u = (h[0]-k[0], h[1]-k[1])
    v = (a[0]-k[0], a[1]-k[1])
    lu, lv = math.hypot(*u), math.hypot(*v)
    c = (u[0]*v[0] + u[1]*v[1]) / (lu*lv)
    return 180 - math.degrees(math.acos(c)), lu, lv

print(knee((280, 760), (600, 470), (842, 789)))
```

இதில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்பதே வரிசை. விடை: மடக்கம் 95.0°, தொடை 432 பிக்சல், கீழ்க்கால் 400 பிக்சல். இதே சட்டகத்தில் அட்டை முக்கோணத்தின் ஒரு பக்கம் 324 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ.க்கு 324, ஆகவே 1 செ.மீ.க்கு ஏறக்குறைய 11 பிக்சல். முழங்கால் புள்ளியை 11 பிக்சல் கீழே நகர்த்தி, (600, 481) என்று கொடுத்துப் பாருங்கள்: 92.9° வரும். ஆனால் கிளிக் செய்வதில் 3 பிக்சல் தவறினால் ஏறக்குறைய அரைப் பாகைதான் மாறுகிறது. பிழை பொட்டிலும் போன் நிற்கும் இடத்திலும்தான் பிறக்கிறது. மென்பொருளை மாற்றி மாற்றித் தேடுவதால் அது குறையாது.

கால் சரிந்ததைக் கண்டுபிடிக்கும் வழியும் இந்த நீளங்களில் இருக்கிறது. தொடை நீளத்தை அட்டையின் பக்க நீளத்தால் வகுங்கள்; இங்கே 432 ÷ 324 = 1.33. ஒருவருடைய தொடை வாரத்துக்கு வாரம் வளர்வதில்லை. அந்த எண் 1.25 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், கால் தளத்தை விட்டு வெளியே சரிந்திருக்கிறது, அல்லது இடுப்புப் பொட்டு இடம் மாறியிருக்கிறது. எதுவானாலும் அந்தப் பதிவைத் தள்ளிவிட வேண்டும்.

## 7. உங்கள் வீட்டின் பிழையைக் கணக்கிடுதல்

மூன்று முறை மடக்கியதன் சராசரியை அன்றைய அளவாக எழுதுங்கள். மூன்றில் பெரியதை எடுத்து எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். பெரியதை மட்டும் எடுத்தால், பிழை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆனால் மூன்று எண்களும் நெருக்கமாக இருப்பதால் அளவு சரி என்று ஆகிவிடாது. பொட்டுகள் அதே இடத்தில், போன் அதே இடத்தில் இருக்கும்போது மூன்றிலும் ஒரே பிழைதான் திரும்ப வருகிறது. சராசரி அதைக் குறைக்காது. உண்மையான பிழையைக் காண, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அமைத்து அளக்க வேண்டும். ஒரே நாளில் பொட்டுகளைப் பிரித்து, முக்காலியை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து முதலிலிருந்து வைத்து அளந்தால் ஒரு சோடி கிடைக்கும். இப்படி ஐந்து வெவ்வேறு நாள்களில் ஐந்து சோடிகள் எடுங்கள்.

ஒரு குடும்பத்தின் ஐந்து சோடிகளில் இரண்டாம் அளவுக்கும் முதல் அளவுக்கும் உள்ள வித்தியாசம் 2, −3, 1, 4, −2 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 4 + 9 + 1 + 16 + 4 = 34. அதைச் சோடிகளின் எண்ணிக்கையின் இருமடங்கால், அதாவது 10-ஆல் வகுத்தால் 3.4. அதன் வர்க்கமூலம் 1.84. ஓர் அளவீட்டின் பிழை இதுவே.

```
s = sqrt( Σd² / 2n )
எல்லை = 2.77 × s
```

இரண்டு தேதிகளின் அளவுகளை ஒப்பிடும்போது இரண்டிலும் பிழை உண்டு. அதனால் 2.77-ஆல் பெருக்குகிறோம்: 2.77 × 1.84 = 5.1°. இதைத் தாண்டிய மாற்றத்தைத்தான் மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். ஐந்து சோடி என்பது சிறிய எண்ணிக்கைதான் என்பதால், நான் இந்த எல்லையை 6° என்று மேல்நோக்கி முழுமைப்படுத்தியே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோனியோமீட்டரால் அளக்கும்போதும் 5° வரையான வேறுபாட்டை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளாத வழக்கம் பிசியோதெரபியில் பரவலாக உண்டு.

வித்தியாசங்களின் குறிகளையும் பாருங்கள். ஐந்தும் கூட்டலாகவே வந்தால், முதல் அளவிலேயே மூட்டு இளகி இரண்டாவது கூடுகிறது என்று பொருள். இடைவெளியை அரை மணி நேரமாக்க வேண்டும்.

இதைத் தவிர ஒரு நல்ல சோதனை கையருகிலேயே இருக்கிறது. அறுவை செய்யாத காலையும் இதே முறையில் வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். அது சில வாரங்களில் மாற வேண்டியதில்லை. அதன் எண் 8° ஏறியிருந்தால் ஏறியது உங்கள் அளவீடு. அன்றைக்கு மற்றக் காலின் எண்ணையும் நம்பக் கூடாது.

## 8. மூன்று வாரங்களின் அளவை வாசித்தல்

கோபிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் காலைப் பேரன் படம் பிடிக்கிறான் என்று கொள்வோம். எல்லை, மேலே கணக்கிட்ட 5.1-ஐ முழுமைப்படுத்திய 6°.

மூன்றாம் வாரம் 88, 91, 90, சராசரி 89.7°. நான்காம் வாரம் முதல் மடக்கத்தில் 86 என்று வந்து வீடே கலங்கிப்போகிறது. நீளத்தைப் பார்த்தால் தொடை ÷ அட்டை 1.22 என்று இருக்கிறது. மூன்றாம் வாரம் அது 1.33. கால் வெளியே சரிந்த பதிவு அது. பேரன் பாதத்தின் பக்கம் அக்காவை நிறுத்தி, "அம்மிச்சி, முட்டி மேலயே பாக்கோணும், இந்தப் பக்கம் சாய உடாதீங்க" என்று சொல்லி எடுத்த மூன்றும் 95, 93, 96, நீளம் 1.33, 1.32, 1.33. சராசரி 94.7°.

"அஞ்சு டிகிரி சேத்தி மடங்குதுங்கல்ல?" என்பது அவர்கள் கேள்வி. கூடியது 5.0°, எல்லை 6°. கூடியிருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது என்பதே சரியான பதில். இதை நம்பிப் பயிற்சியைக் குறைக்கவும் கூடாது, இவ்வளவுதானா என்று வலிக்க வலிக்க அழுத்தவும் கூடாது.

ஐந்தாம் வாரம் 101, 99, 102, சராசரி 100.7°. நான்காம் வாரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 6.0°, சரியாக எல்லையிலேயே நிற்கிறது. மூன்றாம் வாரத்தோடு ஒப்பிட்டால் 11.0°, இது பிழையால் வரக்கூடிய அளவைத் தெளிவாகத் தாண்டியது. நல்ல காலின் எண்ணும் அந்த மூன்று வாரத்தில் 2°-க்குள்ளேயே நின்றிருந்தால், அந்த அம்மாவுக்கு இப்போது தயங்காமல் சொல்லலாம். பக்கத்து வாரங்களை ஒப்பிடுவதை விட இரண்டு வார இடைவெளியில் ஒப்பிடுவதே வீட்டு அளவீட்டுக்குப் பொருத்தமானது.

எண் இறங்கினாலும் இதே விதிதான். 4° குறைந்ததற்காகப் பதற வேண்டியதில்லை. 8° குறைந்து, மறுபடி அமைத்து அளந்தும் அப்படியே இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அன்றே சொல்ல வேண்டும்.

## 9. நீட்டும் கோணத்தை அளக்கும்போது

கால் முழுதாக நேராகிறதா என்பதையும் இதே ஏற்பாட்டில் அளக்கலாம், ஆனால் இரண்டு மாற்றங்களோடு. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலின் பின்புறம் விரிப்பைத் தொடாமல் தொங்க வேண்டும். மெத்தையில் கிடக்கும் காலை மெத்தையே தாங்கி நிறுத்திவிடும். முழங்கால் பொட்டை எடுத்துவிட்டு, நீட்டிய நிலையில் எலும்பைத் தேடி மறுபடி ஒட்ட வேண்டும்.

இங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நீட்டிய காலில் முழங்கால் பொட்டின் 1 செ.மீ. தவறு 3° வரை பிழை தரும் என்று பார்த்தோம். தேடும் குறைபாடோ 5° அளவே இருக்கலாம். அதனால் காணொளியில் 4° நீட்டக் குறை தெரிந்தது என்பதை வைத்து முடிவெடுக்காமல், அடுத்த நேரடிச் சந்திப்பில் கையால் அளந்து பார்க்கக் கேட்பதே முறை. 10° அல்லது அதற்கு மேல் குறை தெரிந்தால் காணொளியே போதிய காரணம், காத்திருக்க வேண்டாம்.

## 10. அனுப்பும்போது சேர்க்க வேண்டியவை

காணொளியோடு ஒரு வரியாவது எழுத்தில் போக வேண்டும்: தேதி, எந்தக் கால், தானாக மடக்கியதா துண்டால் இழுத்ததா, பயிற்சிக்கு முன்பா பின்பா, மூன்று அளவுகளும் சராசரியும், அட்டையின் மேல்முனைக் கோணம், தொடை ÷ அட்டை விகிதம், நல்ல காலின் அளவு, வலி பத்துக்கு எத்தனை. மேலே சொன்ன அம்மாவின் ஐந்தாம் வாரக் குறிப்பு இப்படி இருக்கும்:

வலது கால், தானாக மடக்கியது, காலை, பயிற்சிக்கு முன். 101, 99, 102, சராசரி 100.7°, எல்லை ±6°. அட்டை 60°, தொடை விகிதம் 1.33. இடது கால் 128°. வலி 4.

அட்டை காட்டும் இரண்டு வினாடியைக் காணொளியிலிருந்து வெட்டிவிடாதீர்கள். பெறுபவர் தாமே மறுபடி அளந்து பார்க்க விரும்பினால், போன் எங்கே நின்றது என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சான்று அதுதான்.